கல்யாண விருந்து: என் பட்டியல் 207 பேர் என்கிறது, அம்மா நோட்டு 226 என்கிறது. ஹோட்டலுக்கு எத்தனை மேசை சொல்வது?

மல்லிப்பூ88 · ஞாயிறு, இரவு 10:15

வணக்கம். இங்கே சிங்கப்பூரில் தங்கை கல்யாணத்துக்கு இன்னும் 13 நாள். காலையில் கோயிலில் முகூர்த்தம், அங்கே பந்திச் சாப்பாடு. அதில் பத்துப் பேர் கூடினாலும் குறைந்தாலும் சமாளித்துவிடலாம். என் தலைவலி அன்று இரவு ஹோட்டலில் நடக்கும் விருந்து. வட்ட மேசை, மேசைக்கு 10 பேர். குறைந்தது 28 மேசை எடுத்தே ஆகவேண்டும். ஒரு மேசை 1,200 வெள்ளி, அதற்கு மேல் ++, அதாவது சேவைக் கட்டணமும் வரியும். கூடுதலாக 2 மேசை தயாராக வைப்பார்களாம், திறந்தால்தான் காசு. வருகிற புதன்கிழமைக்குள் கடைசி எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும்.

பட்டியலை நான்தான் கூகள் ஷீட்டில் வைத்திருக்கிறேன். ஒரு வீட்டுக்கு ஒரு வரி, மொத்தம் 131 வரி, அழைத்தது 372 பேர். மாதிரிக்கு நான்கு வரி:

| பக்கம் | பெயர் | தொலைபேசி | அழைப்பு | அழைத்தவர் | பதில் | வருபவர் | மேசை |
|---|---|---|---|---|---|---|---|
| அப்பா | திரு & திருமதி பெரியப்பா வீடு | … | கொடுத்தாச்சு | 5 | ஆம் | 4 பேர் | 3 |
| அம்மா | திருமதி ஜோகூர் அத்தை | … | கொடுத்தாச்சு | 6 | | | 7 |
| நண்பர் | தங்கை ஆபீஸ் தோழி | … | கொடுத்தாச்சு | 2 | ஆம் | 2+1 | 15 |
| அப்பா | திரு ஈசூன் சித்தப்பா | … | கொடுத்தாச்சு | 3 | இல்லை | 0 | |

84 வீடு "ஆம்", 19 வீடு "இல்லை", 28 வீட்டிலிருந்து பதிலே இல்லை. "வருபவர்" பத்தியைக் கூட்டினால் 207 வருகிறது. அம்மா தன் நோட்டில் கோடு போட்டு எண்ணி 226 என்கிறார். நான் ஒரு வாரமாக "அம்மாவுக்குக் கூட்டத் தெரியவில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். யார் சொல்வது சரி? அப்புறம், எத்தனை மேசை சொல்வது?

---

ஈசூன்_மாமா · ஞாயிறு, இரவு 10:31

ரொம்ப யோசிக்காதேம்மா. என் இரண்டு பெண் கல்யாணத்திலும் ஒரே கணக்குதான். அழைத்தவர்களில் 80 சதவீதம் வருவார்கள். 372-க்கு 80 சதவீதம் 297. 30 மேசை சொல்லிவிட்டுப் போய்த் தூங்கு.

---

வாசுகி_ஜூரோங் · ஞாயிறு, இரவு 10:40

நாங்கள் போன வருஷம் எங்கள் புளோக் பக்கத்தில் இருக்கும் பல்நோக்கு மண்டபத்தில் வைத்தோம். பஃபே. யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், மேசை நம்பரே கிடையாது. 250 பேருக்கு ஆர்டர் கொடுத்தோம், பிரியாணி மிஞ்சியது, ரசம் தீர்ந்தது. ஹோட்டலை விட்டுவிட்டு மண்டபத்துக்கு வாங்களேன்? சமையல்காரர் நம்பர் வேண்டுமென்றால் தருகிறேன்.

---

மல்லிப்பூ88 · ஞாயிறு, இரவு 10:44

அக்கா, 13 நாளில் ஹோட்டலை விட்டு வந்தால் முன்பணத்தோடு அப்பாவும் போய்விடுவார் :)

---

பழைய_கணக்கன் · ஞாயிறு, இரவு 11:20

நான் ஹோட்டல் விருந்துப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன். முதலில் 207-க்கும் 226-க்கும் நடுவில் விடுபட்ட அந்த 19 பேரைத் தேடுவோம். மேசையை அப்புறம் பார்க்கலாம்.

உங்கள் மாதிரி வரியிலேயே பதில் இருக்கிறது தங்கச்சி. முதல் வரியில் "4 பேர்" என்று அடித்திருக்கிறீர்கள், மூன்றாவதில் "2+1". நமக்கு அது 4, 3. ஷீட்டுக்கு அது வெறும் எழுத்து. `SUM` எழுத்து இருக்கும் கட்டத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், தவறு என்று சிவப்பில் காட்டாது. எத்தனை கட்டம் அப்படி இருக்கிறது என்று பார்க்க, காலியாக உள்ள ஒரு கட்டத்தில் இதைப் போடுங்கள். வருபவர் பத்தி G, வரிகள் 2 முதல் 132 என்று எடுத்துக்கொண்டேன்:

```
=SUMPRODUCT(--ISTEXT(G2:G132))
```

0 வந்தால் பத்தி சுத்தம். வேறு எது வந்தாலும் அத்தனை வீட்டாருக்கு இப்போது நாற்காலி இல்லை.

கண்ணாலேயே பிடிக்க இன்னொரு வழியும் உண்டு. அந்தப் பத்தியில் நீங்கள் இடது, வலது, நடு என்று எதையும் அமைக்காமல் விட்டிருந்தால், எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். இடப்பக்கம் நிற்பவர்கள்தான் கணக்கில் விடுபட்டவர்கள்.

---

மல்லிப்பூ88 · ஞாயிறு, இரவு 11:38

7 என்று வந்தது! தேடிப் பார்த்தேன்: "4 பேர்", "2+1", "3 (1 சைவம்)", "3?", மூன்று இடத்தில் "2 பேர்". கூட்டினால் சரியாக 19. 207 + 19 = 226. அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். "நோட்டுல கோடு பொய் சொல்லாதுடி" என்கிறார்.

---

சும்மா_எட்டிப்பார்த்தவன் · ஞாயிறு, இரவு 11:41

எனக்கு இதற்கு நேர்மாறாக நடந்தது. அண்ணன் கல்யாணத்தில் மூன்று நாலு பேர் வரலாம் என்பதை எக்ஸலில் "3-4" என்று அடித்தேன். அது தானாகத் தேதியாக மாறிவிட்டது. தேதியும் உள்ளே எண்தானே, மொத்த விருந்தினர் நாற்பத்தைந்தாயிரத்துச் சொச்சம் என்று காட்டியது. தேசிய தின அணிவகுப்புக்கே அவ்வளவு பேர் வரமாட்டார்கள்.

---

பழைய_கணக்கன் · ஞாயிறு, இரவு 11:55

ஹா ஹா, அது நல்ல தவறு தம்பி. கத்திக் காட்டிக்கொடுக்கும். 207 மாதிரி நம்பும்படியான தவறுதான் ஆபத்து.

தங்கச்சி, "வருபவர்" பத்தியில் இனி எண் மட்டும். சைவம் எத்தனை என்பதற்குத் தனிப் பத்தி, "2+1-ல் ஒன்று கைக்குழந்தை" போன்றவற்றுக்குக் குறிப்பு என்று ஒரு பத்தி. எண் தவிர வேறு எதையும் ஏற்காதபடி அந்தப் பத்தியைப் பூட்டிவிடுங்கள், `Data validation` என்ற இடத்தில் இருக்கிறது. அம்மா கைபேசியில் திறந்து "4 பேர் வராங்க" என்று அடித்தாலும் ஏற்காது.

---

புதுமாப்பிள்ளை_பொங்கோல் · திங்கள், காலை 8:05

அடிப்படையே தவறு என்று நினைக்கிறேன். ஒரு வீட்டுக்கு ஒரு வரி வைத்தால் இப்படித்தான் ஆகும். ஓர் ஆளுக்கு ஒரு வரி வையுங்கள். வரியை எண்ணினால் ஆள் எண்ணிக்கை, கூட்டலே தேவையில்லை. சைவமா, எந்த மேசை எல்லாம் ஆளுக்கு ஆள் தெளிவாக இருக்கும். என் கல்யாணத்துக்கு அப்படித்தான் செய்தேன், 160 பேர், ஒரு குழப்பமும் இல்லை.

---

பழைய_கணக்கன் · திங்கள், காலை 8:50

160 பேர், பெரும்பாலும் நண்பர்கள் என்றால் அது நல்ல முறைதான் தம்பி. பெயர் அட்டை வைத்து நாற்காலி வரை பிரிப்பதற்கு அதை விட்டால் வழியில்லை. ஆனால் நம் சொந்தக்காரர் பட்டியலில் பெரியப்பா வீட்டில் வரப்போகும் 4 பேர் யார் யார் என்று பெரியப்பாவுக்கே தெரியாது. பெயர் தெரியாத 4 வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதோடு பத்திரிகை வீட்டுக்கு ஒன்றுதான் போகிறது, பதிலும் வீட்டுக்கு ஒன்றுதான் வருகிறது. ஆளுக்கு ஒரு வரி வைத்தால் ஒரே பதிலை 5 வரியில் மாற்ற வேண்டும், நாலில் மாற்றிவிட்டு ஒன்றை விட்டுவிடுவோம்.

வீட்டுக்கு ஒரு வரியே இருக்கட்டும். ஒரு வீடு இரண்டு மேசைக்குப் பிரிகிறது என்றால் அந்த வீட்டை மட்டும் இரண்டு வரியாக உடையுங்கள். பெரியவர்கள் 4, மேசை 3. பிள்ளைகள் 2, மேசை 12. மேசைக் கட்டத்தில் "3, 12" என்று எழுதாதீர்கள், கணக்கு மறுபடி எழுத்தாகிவிடும்.

---

புதுமாப்பிள்ளை_பொங்கோல் · திங்கள், காலை 9:02

பெயர் தெரியாவிட்டால் "பெரியப்பா வீடு 1", "பெரியப்பா வீடு 2" என்று போடலாமே. என் கருத்து மாறவில்லை :)

---

மல்லிப்பூ88 · திங்கள், மதியம் 12:50

சரி, 226 உறுதி. பதில் வராத 28 வீட்டில் அழைத்தது 83 பேர். எல்லாரும் வந்தால் 309, யாரும் வராவிட்டால் 226. 23 மேசைக்கும் 31 மேசைக்கும் நடுவில் நிற்கிறேன். 28-க்குக் கீழே போனாலும் 28-க்குக் காசு கட்டத்தான் வேண்டும். மாமா சொன்ன 80 சதவீதத்தை இந்த 83-க்குப் போடட்டுமா? 66 வருகிறது. மொத்தம் 292, 30 மேசை.

இன்னொன்று. "பார்க்கலாம்மா" என்று சொன்னவர்களை எதில் போடுவது? நான் "இல்லை" என்று போட்டிருக்கிறேன்.

---

ஈசூன்_மாமா · திங்கள், மதியம் 1:15

பார்த்தாயா, சுற்றி வந்து என் 30-லேயே நிற்கிறாய்.

---

பழைய_கணக்கன் · திங்கள், இரவு 9:10

மாமா, உங்கள் 30 சரியாகவே வந்து நிற்கலாம். அனுபவத்தில் நானும் பல இடத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த 83 பேர் ஒரே மாதிரியானவர்கள் இல்லை. தங்கச்சி, அந்த 28 வீட்டையும் ஏன் பதில் சொல்லவில்லை என்பதை வைத்துப் பிரித்துப் போடுங்களேன்.

"பார்க்கலாம்" என்பது பதிலே இல்லை. அதை "இல்லை"யில் போடாதீர்கள், காலியாக விடவும் வேண்டாம். பதில் பத்தியில் நாலு தேர்வு வையுங்கள்: ஆம், இல்லை, பார்க்கலாம், கேட்கவில்லை. காலிக் கட்டம் என்றால் பதில் வரவில்லையா, நாம் இன்னும் கேட்கவில்லையா, கேட்டு எழுத மறந்தோமா என்று யாருக்கும் தெரியாது.

---

மல்லிப்பூ88 · திங்கள், இரவு 10:25

பிரித்துவிட்டேன்:

ஜோகூர் சொந்தம், 9 வீடு, 34 பேர். இந்தியாவிலிருந்து வர வேண்டியவர்கள் 4 வீடு, 11 பேர். தங்கையின் ஆபீஸ் ஆட்கள் 8 வரி, 14 பேர். இங்கேயே இருக்கும் சொந்தம் 7 வீடு, 24 பேர்.

---

பழைய_கணக்கன் · திங்கள், இரவு 11:05

இப்போது பாருங்கள், நாலும் நாலு விதம்.

ஜோகூர்க்காரர்கள் எப்படி வருகிறார்கள்? ஒரே பஸ் பிடித்து வருவார்கள் என்றால் அந்த 34 பேரும் ஒரே ஆள் மாதிரி. பஸ் வந்தால் ஏறக்குறைய எல்லாரும், பஸ் இல்லையென்றால் கார் வைத்திருக்கும் ஒன்றிரண்டு வீடு. இதில் 80 சதவீதம் என்ற ஒன்று நடக்கவே நடக்காது. பஸ் பேசுகிறவர் ஒருவர் இருப்பார், அவருக்கு மட்டும் ஒரு போன் போட்டால் 9 வீட்டுக்கும் பதில் கிடைத்துவிடும்.

இந்தியாவிலிருந்து வருபவர்களை "வருகிறீர்களா" என்று கேட்காதீர்கள், "டிக்கெட் போட்டாச்சா" என்று கேளுங்கள். விசாவும் வாங்கி டிக்கெட்டும் போட வேண்டும். 12 நாள் இருக்கும்போது இரண்டும் ஆகவில்லையென்றால் மேசை ஒதுக்க வேண்டாம்.

ஆபீஸ் ஆட்களுக்கு நாளை மாலை வரை என்று கெடு சொல்லி ஒரு செய்தி. அவர்கள் தவறாக நினைக்கமாட்டார்கள். கெடு தாண்டிப் பதில் இல்லையென்றால் "இல்லை".

உள்ளூர்ச் சொந்தத்தைத் தலைகீழாகக் கணக்கிடுங்கள். அவர்கள் பதில் சொல்லாததே வருவதால்தான். "நம்ம வீட்டுக் கல்யாணம், நான் வராம இருப்பேனா, என்னைக் கேக்கணுமா?" என்பதுதான் அந்த மௌனத்துக்கு அர்த்தம்.

---

மல்லிப்பூ88 · திங்கள், இரவு 11:12

அதேதான்! போன வாரம் ஒரு மாமாவிடம் "எத்தனை பேர் வருவீங்க" என்று கேட்டேன். "ஏன், எங்களுக்குச் சோறு போட யோசிக்கிறியா?" என்று அம்மாவிடம் போன். இரண்டு நாள் அதைச் சரிசெய்வதிலேயே போனது.

---

வாசுகி_ஜூரோங் · செவ்வாய், காலை 7:30

அதற்கு ஒரு வழி இருக்கிறது மல்லி. எத்தனை பேர் என்று கேட்கவே கூடாது. "மாமா, உங்க குடும்பத்துக்கு முன்னாடி மேசை எடுத்து வைக்கிறேன். யார் யார் உங்ககூட உட்காரணும், பாட்டிக்கு நடுவில போடவா, ஓரத்தில போடவா?" என்று கேள். அவரே "நானு, அத்தை, சின்னவன், அவன் பொண்டாட்டி" என்று விரல் விட்டு எண்ணிச் சொல்வார். எங்கள் பஃபேக்கே அப்படித்தான் கேட்டோம், மேசையே இல்லாமல்.

போனை நீ போடாதே, அம்மாவைப் போடச் சொல். பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்.

---

பழைய_கணக்கன் · செவ்வாய், காலை 8:15

வாசுகி சொல்வது நூற்றுக்கு நூறு. கூடவே சைவமும் கேட்டுவிடுங்கள். உங்கள் விருந்து சனிக்கிழமை. மற்ற நாளில் கோழி சாப்பிடுகிறவர்களில் பெருமாளுக்காகச் சனிக்கிழமை சைவம் இருப்பவர்கள் உண்டு. வீட்டுக்கு "சைவம்" என்று டிக் போடாமல் எண்ணாகக் கேளுங்கள், அத்தை மட்டும் சைவமாக இருப்பார், மாமா இருக்கமாட்டார். முஸ்லிம் நண்பர்கள் இருந்தால் ஹோட்டலில் ஹலால் ஏற்பாடு என்ன என்பதையும் புதன்கிழமைக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு கேட்டால் பரிமாறுகிறவர் என்ன செய்வார்?

---

மல்லிப்பூ88 · செவ்வாய், இரவு 11:30

இன்று முழுக்க அம்மா போன், நான் பேனா. முடிவு இது:

ஜோகூர்: பஸ் பேசியாச்சாம்! 9 வீடு, 31 பேர். இந்தியா: ஒரு வீடு மட்டும் டிக்கெட் போட்டிருக்கிறது, 3 பேர். ஆபீஸ்: 6 பேர். உள்ளூர்: 22 பேர்.

226 + 31 + 3 + 6 + 22 = 288.

இதில் ஒரு கூத்து. உள்ளூர் 7 வீட்டில் 2 வீட்டுக்குப் பத்திரிகையே போகவில்லை. பட்டியலில் "கொடுத்தாச்சு" என்று இருக்கிறது. ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன், ஒற்றை டிக்கோடு நிற்கிறது, அவர் நம்பரை மாற்றி மாதக்கணக்கு ஆகிறதாம். இன்னொரு வீட்டுக்கு அம்மா "கோயில்ல பார்த்துச் சொல்லிட்டேன்" என்றார். சொன்னது கல்யாணத்தை, விருந்தை இல்லை. நல்லவேளை, இன்று பேசியதில் தெரிந்தது. இல்லையென்றால் ஆயுசுக்கும் கேட்டிருப்பார்கள்.

---

பழைய_கணக்கன் · செவ்வாய், இரவு 11:48

"கொடுத்தாச்சு" என்ற ஒரு சொல்லில் மூன்று விஷயம் ஒளிந்திருக்கிறது. நேரில் கொடுத்தது, வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்தது, அனுப்பியது மட்டும். ஒற்றை டிக் என்றால் மூன்றாவது. அதைத் தனியாகக் குறித்து வைத்திருந்தால் அந்த வீடு "பதில் இல்லை"யில் வந்திருக்காது, "அழைக்கவில்லை"யில் வந்திருக்கும்.

சரி, 288-க்கு வருவோம். 10-ஆல் வகுத்தால் 28.8, அதாவது 29 மேசை. ஆனால் ஆட்கள் வகுபடமாட்டார்கள், குடும்பம் குடும்பமாகத்தான் உட்காருவார்கள். ஜோகூர் 9 வீடும் எத்தனை எத்தனை பேர்?

---

மல்லிப்பூ88 · செவ்வாய், இரவு 11:52

6, 5, 4, 4, 3, 3, 2, 2, 2.

---

பழைய_கணக்கன் · புதன், காலை 6:40

6+4 ஒரு மேசை. 5+3+2 ஒரு மேசை. 4+3+2 ஒரு மேசை, அதில் 9 பேர், ஒரு நாற்காலி காலி. மீதி ஒரு ஜோடி. அந்த இருவருக்காக நாலாவது மேசை போட முடியாது. அந்த மூன்று ஜோடியில் உங்கள் பக்கத்தோடு பழகியவர்கள் யாரோ அவர்களை எடுத்து உங்கள் அத்தை பிள்ளைகள் மேசையில் வையுங்கள். பெரிய வீட்டிலிருந்து தொடங்கி, கடைசியில் ஜோடிகளையும் தனி ஆட்களையும் வைத்து ஓட்டை அடையுங்கள். ஆபீஸ் ஆட்கள், கல்யாணமாகாத பையன்கள், பெண்களை ஆரம்பத்திலேயே மேசையில் போட்டுவிடாதீர்கள். எந்த ஓட்டையிலும் உட்காரக்கூடியவர்கள் அவர்கள்தான்.

மேசைக்குத் தனித் தாள் ஒன்று போட்டு, A பத்தியில் 1, 2, 3 என்று மேசை எண், பக்கத்தில் இது:

```
=SUMIF('விருந்தினர்'!H$2:H$132,A2,'விருந்தினர்'!G$2:G$132)
```

வீட்டை இரண்டாக உடைத்திருந்தால் வரி கூடியிருக்கும், 132-ஐ மாற்றிக்கொள்ளுங்கள். 10-க்கு மேல் எந்த மேசையும் போகக்கூடாது. அப்புறம் எல்லா மேசையின் கூட்டுத்தொகையும் 288-தானா என்று பாருங்கள். 285 வந்தால் மூன்று பேருக்கு மேசை எண் போடவில்லை என்று அர்த்தம்.

ஹோட்டலுக்கு 29 சொல்லுங்கள், கூடுதல் மேசை இரண்டையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

---

ஈசூன்_மாமா · புதன், காலை 7:20

29-ல் 288 பேர் என்றால் மொத்த ஹாலிலும் இரண்டே நாற்காலிதான் காலி. கல்யாண வீட்டில் அப்படி இழுத்துப் பிடிக்கலாமா? பெரியவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தால் மானம் போய்விடும். 30 சொல்லும்மா.

---

பழைய_கணக்கன் · புதன், காலை 7:45

மாமா, 1,200-க்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அந்தத் தொகைக்கு மேல் 9 சதவீதம் பொருள் சேவை வரி. ஒரு மேசை 1,438 வெள்ளி 80 காசு. கூடுதல் மேசை திறக்காவிட்டால் அது மிச்சம். திறந்தால் நீங்கள் சொன்ன 30-தான், காசும் அதேதான். நின்றுகொண்டிருக்க மாட்டார்கள், ஐந்து பத்து நிமிஷத்தில் விரிப்பு போட்டுவிடுவார்கள்.

---

ஈசூன்_மாமா · புதன், காலை 7:58

அந்த ஐந்து நிமிஷத்தைப் பத்து வருஷம் பேசுவார்கள் தம்பி. உங்களுக்கு நம் ஆட்களைத் தெரியாது.

---

ரிசப்ஷன்_கீதா · புதன், மதியம் 12:10

மேசை முடிவானதும் என் பக்கத்து விஷயம். சித்தி மகள் கல்யாணத்தில் வாசலில் உட்கார்ந்து மேசை எண் சொன்னவள் நான். கையில் கொடுத்த பட்டியலைப் பெயர் வரிசையில் அடுக்கியிருந்தார்கள். ஆனால் எல்லாப் பெயரும் "திரு", "திருமதி", "திரு & திருமதி" என்று தொடங்கின. ஆக மொத்தப் பட்டியலும் "தி" எழுத்தில். எதிரே பட்டுப்புடவையில் இருபது பேர், நான் ஐந்து பக்கத்தையும் புரட்டிக்கொண்டிருக்கிறேன். மல்லி, உன் மாதிரி வரியிலும் அதேதான் இருக்கிறது. அடைமொழியைத் தனிப் பத்திக்கு மாற்று.

இரண்டு நகல் அச்செடு, ஒன்று பெயர் வரிசையில், ஒன்று மேசை வரிசையில். ஆபீஸ் ஆட்கள் தங்கள் பெயரைச் சொல்வார்கள். சொந்தக்காரர்கள் "ஜோகூர் அத்தை வீடு" என்று சொல்வார்கள். இரண்டு மாதிரியும் தேடக் கிடைக்க வேண்டும்.

---

சும்மா_எட்டிப்பார்த்தவன் · புதன், மதியம் 12:25

வரிசைப்படுத்தும்போது பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கிவிடாதீர்கள். நான் அப்படிச் செய்து பெயர் மட்டும் இடம் மாறி, மேசை எண் பழைய இடத்திலேயே நின்றது. அண்ணியின் பேராசிரியர் என் நண்பர்கள் மேசைக்கு வந்திருப்பார். பதிப்பு வரலாற்றில் முந்தைய நாளுக்குத் திரும்பித் தப்பித்தேன்.

---

மல்லிப்பூ88 · புதன், மாலை 5:40

29 என்று சொல்லிவிட்டேன், கூடுதல் 2-க்கு மின்னஞ்சலில் உறுதி வாங்கியாச்சு. மாமா மன்னிக்கவும் :) எல்லாருக்கும் நன்றி. கல்யாணம் முடிந்து வந்து சொல்கிறேன்.

---

மல்லிப்பூ88 · 12 நாள் கழித்து, திங்கள், இரவு 9:30

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கணக்கு கேட்பீர்கள் என்று தெரியும், எழுதி வைத்திருக்கிறேன்.

வந்தது 284 பேர். 288-ல் 9 பேர் வரவில்லை. ஜோகூர் பஸ்ஸில் 31-க்குப் பதில் 33. பாலத்தில் நெரிசல், முதல் பதார்த்தம் வந்த பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். அப்புறம் "இல்லை" என்று குறித்திருந்த ஈசூன் சித்தப்பா, குடும்பத்தோடு 3 பேர், சிரித்துக்கொண்டே வாசலில். கீதா அக்கா சொன்ன மாதிரி அச்செடுத்த இரண்டு பட்டியலிலும் அவர் இல்லை.

284 பேருக்கு 29 மேசை போதும்தானே என்று பார்த்தால், காலியாக இருந்த நாற்காலிகள் மேசைக்கு ஒன்று என்று ஹால் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. சித்தப்பா குடும்பத்தைச் சேர்த்து உட்கார வைக்க மூன்று நாற்காலி ஒரே மேசையில் எங்கும் இல்லை. 30-ஆவது மேசையைத் திறந்தோம். பஸ்ஸில் கூடுதலாக வந்த இருவரையும் அங்கேயே உட்கார வைத்தேன். ஐந்து பேருக்கு ஒரு மேசை, 1,438 வெள்ளி 80 காசு.

---

ஈசூன்_மாமா · திங்கள், இரவு 9:36

30. நான் ஒன்றும் சொல்லவில்லை.

---

பழைய_கணக்கன் · திங்கள், இரவு 10:02

மாமாவுக்கு ஒரு கும்பிடு :) தங்கச்சி, அந்தச் சித்தப்பா உண்மையிலேயே "இல்லை" என்றா சொன்னார்?

---

மல்லிப்பூ88 · திங்கள், இரவு 10:09

அதைத்தான் இன்று தேடிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் அவர் எழுதியது "பார்க்கலாம்மா". நீங்கள் சொன்ன பிறகு மற்ற "பார்க்கலாம்" எல்லாவற்றையும் மாற்றினேன், இந்த வரி மட்டும் பழைய "இல்லை"யிலேயே நின்றுவிட்டது.

---

வாசுகி_ஜூரோங் · திங்கள், இரவு 10:15

சித்தப்பா சொன்னால் "பார்க்கலாம்" என்றால் வருகிறேன் என்றுதான் அர்த்தம்.

---

சும்மா_எட்டிப்பார்த்தவன் · திங்கள், இரவு 10:17

எங்கள் வீட்டில் "பார்க்கலாம்" என்றால் கண்டிப்பாக வரமாட்டார்கள்.

---

ரிசப்ஷன்_கீதா · திங்கள், இரவு 10:21

யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மாமியார் வீட்டிலிருந்து யாராவது சொன்னால் இரண்டு நாற்காலி சேர்த்தே போடு.